‘கவனக்குறைவு’ என்று எழுதியது யார்?

நம் இயக்கத்துக் கூட்டங்களில் வேலை பற்றிப் பேசும்போது நாம் வாசலில் நின்றுவிடுகிறோம். வேலைக்கு எடுத்தார்களா, எடுக்கவில்லையா என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. உள்ளே போனவன் எந்தப் படியில் நிற்கிறான், பத்து வருடம் கழித்தும் அதே படியில்தான் நிற்கிறானா, அவனுக்கு மேலே இருக்கிற படி அவனிடம் என்ன கேட்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பிள்ளைகளில் நம்ம தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். அந்தப் பஸ்ஸில் ஆபரேட்டராக ஏறியவன் க்வாலிட்டி இன்ஜினியராக இறங்கினான் என்ற செய்தி மட்டும் நம்ம தெருவுக்கு அபூர்வமாகத்தான் வருகிறது.

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் தயாராக இருக்கும். அவர்கள் சொல்லும் பதில்: ‘திறமை பத்தாது.’ நாம் சொல்லும் பதில்: ‘சாதி விடாது.’ இரண்டாவது பதில் உண்மை என்றாலும் அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். சாதி எந்த இடத்தில், எந்தக் காகிதத்தில், எந்த வார்த்தையாக உட்கார்ந்திருக்கிறது என்று காட்டியாக வேண்டும். காட்ட முடிந்தால்தான் அதைப் பெயர்த்தெடுக்க முடியும். நான் ஆலைக்காரன் இல்லை, வங்கியில் எழுத்தர். ஆனால் என் சித்தப்பா மகன் பதினோரு வருடமாக சி.என்.சி. லேத்தில் நிற்கிறான். ஞாயிறு மாலை எங்கள் படிப்பகத்துக்கு வரும் பசங்களில் பாதிப்பேர் அவனைப் போன்றவர்கள். அவர்களோடு உட்கார்ந்து நாலு வருடமாகப் பேசியதை வைத்து எழுதுகிறேன்.

முதல் படி

ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகவோ டர்னராகவோ உள்ளே போகிறவனிடம் ஆலை கேட்பது கையும் கண்ணும் மட்டும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும். டிராயிங்கில் 40 h7 என்று எழுதியிருந்தால், அந்தத் தண்டின் விட்டம் 40.000 மில்லிமீட்டருக்கு மேலே போகக் கூடாது, 39.975க்குக் கீழேயும் போகக் கூடாது என்று அர்த்தம். நடுவில் இருக்கிற இடம் 25 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்ம தலைமுடியே 70, 80 மைக்ரான் கனம் இருக்கும். ஒரு முடியை மூன்றாகப் பிளந்தால் வருகிற கனத்துக்குள் நாள் முழுக்கத் தண்டு சீவித் தர வேண்டும். கட்டிங் இன்செர்ட் தேயத் தேயத் தண்டின் விட்டம் மெல்லக் கூடிக்கொண்டே வரும். எத்தனை துண்டுக்கு ஒருமுறை ஆஃப்செட்டை எவ்வளவு தட்ட வேண்டும் என்று நல்ல ஆபரேட்டருக்குச் சத்தத்திலேயே தெரியும். விட்டம் கூடிப்போனால் இன்னொரு முறை சீவிச் சரிசெய்யலாம். குறைந்துபோனால் அது குப்பை.

இந்த அறிவு முழுக்கவும் அவனுடைய தலைக்குள்ளும் விரலுக்குள்ளும் இருக்கிறது. காகிதத்தில் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தண்டின் கதை

தம்பி வேலை செய்த கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இதே 40 h7 தண்டுதான். ஒரு ஷிப்டுக்கு இருநூறு துண்டு ஓடும். முதல் ஷிப்டில் எல்லாம் பாஸ். இரண்டாவது ஷிப்டில் முப்பது துண்டு வரைக்கும் க்யூ.சி. அறையில் ரிஜெக்ட், அத்தனையும் விட்டம் குறைவு. மெஷின் ஒன்று, டிராயிங் ஒன்று, மைக்ரோமீட்டரும் ஒன்று. ஆட்கள் மட்டும் வேறு. முதல் ஷிப்டில் நிரந்தரத் தொழிலாளர்கள் நிறைய. இரண்டாவது ஷிப்டில் காண்ட்ராக்ட் பிள்ளைகள், பெரும்பாலும் காலனிக்காரர்கள். சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுதினார். காரணம் என்ற கட்டத்தில்: ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’. நடவடிக்கை என்ற கட்டத்தில்: ‘எச்சரிக்கப்பட்டது’. அடுத்த வாரமும் ரிஜெக்ஷன் வந்தது, அடுத்த வாரமும் அதே இரண்டு வரி எழுதப்பட்டது.

தம்பிக்கு விஷயம் தெரிந்திருந்தது. ‘அண்ணே, மெஷின்லேர்ந்து எடுத்ததும் அளந்தா ஒரு அளவு காட்டுது. டீக்குப் போயிட்டு வந்து அதே துண்டை அளந்தா சின்னதா காட்டுது’ என்று என்னிடம் சொன்னான். சூப்பர்வைசரிடமும் சொல்லியிருக்கிறான். ‘நீ ஒழுங்கா அளக்கல’ என்பதுதான் வந்த பதில்.

அவன் ஒழுங்காகத்தான் அளந்தான். இரும்பு சூட்டில் பெருக்கும். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் பெருக்கும். 40 மில்லிமீட்டர் தண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்கு அரை மைக்ரானுக்கும் கொஞ்சம் குறைவு. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் தண்டு 55 டிகிரி சூட்டில் வெளியே வந்து, மைக்ரோமீட்டர் 30 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 25 டிகிரி. அப்போது தண்டு தன் உண்மை அளவைவிட 11.5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். கையில் இருக்கிற மொத்த இடம் 25 மைக்ரான். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானதைச் சூடே தின்றுவிட்டது. லேத் பக்கத்தில் 39.985 என்று அளந்து, சரியாக இருக்கிறது என்று ட்ரேயில் வைத்த துண்டு, க்யூ.சி. அறையின் 20 டிகிரி குளிரில் ஆறியதும் 39.974க்கு இறங்கி ரிஜெக்ட் ஆகிறது. (தண்டும் அளக்கிற கருவியும் ஒரே சூட்டில் இருந்தால் இவ்வளவு வம்பு இல்லை; இரண்டும் எஃகு, சேர்ந்தே பெருக்கும். வித்தியாசம்தான் ஆளைக் கவிழ்ப்பது.)

முதல் ஷிப்டில் ஏன் வரவில்லை? காலையில் கூலன்ட் தொட்டி குளிர்ந்திருக்கும், தண்டும் அதிகம் சூடாகாமல் வரும். நாள் முழுக்க ஓடி ஓடி மதியத்துக்கு மேல் கூலன்ட் சூடேறிவிடும். அதை ஆற்றுவதற்கு அந்த மெஷினில் ஏற்பாடு கிடையாது. ஆக, தப்பு தொட்டியில் இருந்தது. எழுதப்பட்டது ஷிப்டின் மேல். ஷிப்டு என்ற பெயரில், ஆட்களின் மேல்.

கடைசியில் இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஜி.இ.டி., அதாவது பட்டதாரி இன்ஜினியர் ட்ரெயினி. பத்துத் தண்டுகளைச் சூடாக எடுத்து, எண் போட்டு, எடுத்ததும் ஒருமுறை, பத்து நிமிடத்தில் ஒருமுறை, இருபதில் ஒருமுறை, நாற்பதில் ஒருமுறை அளந்து எழுதினார். ஒரு துண்டு 39.985, அப்புறம் 39.980, அப்புறம் 39.977, அப்புறம் 39.974 என்று இறங்கி அதற்கப்புறம் அசையாமல் நின்றது. பத்துத் துண்டும் அதே மாதிரிதான். கூடவே தொட்டியின் சூட்டை மணிக்கு ஒருமுறை குறித்து, ரிஜெக்ட் ஆன துண்டுகள் எந்த மணியில் ஓடியவை என்பதையும் பக்கத்தில் எழுதினார். ஒரே பக்கத்தில் விஷயம் முடிந்தது. அவருக்குப் பாராட்டும் பரிசும் கொடுத்தார்கள்.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்தார். என் கேள்வி வேறு. இதே விஷயத்தை மூன்று மாதத்துக்கு முன்பே சொன்னவனின் பேச்சு ஏன் பேச்சாகவே போனது?

இரண்டாம் படி

இதற்குப் பதில் தேடினால் இரண்டாம் படி என்ன கேட்கிறது என்பது விளங்கிவிடும். க்வாலிட்டி இன்ஜினியரிடம் ஆலை கேட்பது நிரூபணம். தெரிந்ததை, தெரியாத ஒருவன் மறுக்க முடியாத வகையில் எண்ணாக எழுதிக் காட்ட வேண்டும். ‘சின்னதா காட்டுது’ என்பது அனுபவம். ‘பத்துத் துண்டில் பத்தும், நாற்பது நிமிடத்தில் 11 மைக்ரான் இறங்குகிறது’ என்பது சான்று. முதலாவதைச் சூப்பர்வைசர் ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். இரண்டாவதைத் தள்ள வேண்டுமானால் அவரும் பத்துத் துண்டு அளந்தாக வேண்டும்.

இதற்கான கருவிகள் அப்படியொன்றும் மந்திரமில்லை. 1924இல் அமெரிக்காவில் வால்டர் ஷூவர்ட் என்பவர் ஒரு பக்கத்தில் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம்தான் இன்றைக்கும் அடிப்படை. மணிக்கு ஐந்து துண்டு எடு, அளந்து சராசரி போடு, புள்ளி வை. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இந்தக் கோடுகள் டிராயிங் சொல்கிற எல்லைகளில்லை, மெஷின் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதை அதன் புள்ளிகளிலிருந்தே கணக்கிட்டு வரைவது. கோட்டுக்குள்ளே புள்ளி இங்குமங்கும் ஆடினால் மெஷினைத் தொடாதே. ஏழு புள்ளி விடாமல் ஏறிக்கொண்டே போனால், ஒன்றும் வெளியே போகாவிட்டாலும் இன்செர்ட் தேய்கிறது என்று அர்த்தம், மாற்று. புள்ளி கோட்டைத் தாண்டினால் நிறுத்திக் காரணம் தேடு. இதைக் கற்பிக்க பி.இ. வேண்டாம். கூட்டல், வகுத்தல் போதும். ஜப்பானில் 1962 முதல் தர வட்டங்கள் என்று ஆரம்பித்து, லைனில் நிற்கும் தொழிலாளர்களே இந்தப் புள்ளிகளை வைத்தார்கள். இங்கே பேனாவை க்யூ.சி. அறையில் வைத்துப் பூட்டினோம்.

அதற்கும் முன்னால் அளக்கிற கருவியையே சந்தேகிக்கப் பழக வேண்டும். பத்துத் துண்டு, மூன்று ஆட்கள், ஒவ்வொருவரும் மூன்று முறை. யார் துண்டு எது என்று தெரியாமல் அளக்க வேண்டும். தொண்ணூறு எண் கிடைக்கும். ஒரே துண்டுக்கு வருகிற எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று கணக்குப் போட்டு, அந்தச் சிதறல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அளவை நம்பலாம், முப்பதைத் தாண்டினால் அந்த அளவை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கவே இல்லை.

அப்புறம் காரணம் தேடுகிற முறை. ஏன் ஏன் என்று ஐந்து முறை கேள் என்பார்கள். தண்டு ஏன் குறைந்தது? ஆஃப்செட்டைத் தட்டியதால். ஏன் தட்டினான்? சூடான துண்டு பெரிதாகக் காட்டியதால். ஏன் சூடாக அளந்தான்? ஆற வைக்கச் சொல்லி வேலைக்குறிப்பில் இல்லை. ஏன் இல்லை? காலை ஷிப்டை மட்டும் பார்த்து எழுதப்பட்ட குறிப்பு அது. ஏன் மதியத்தில் சூடு கூடுகிறது? தொட்டிக்கு ஆற்றி கிடையாது. ஐந்து கேள்வியில் ஆள் மறைந்து அமைப்பு வெளியே வருகிறது. ‘கவனக்குறைவு’ என்று எழுதியவர் முதல் கேள்விக்கும் முன்னாலேயே நின்றுவிட்டார். நன்கு கற்பிக்கப்பட்ட எந்தத் தர இன்ஜினியரும் ஆளைக் காரணமாக எழுதுவதை ஒப்புக்கொள்ள மாட்டார். தரவியலின் சொந்த விதியே அது. ஆனாலும் ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் அந்த வார்த்தைதான் விழுகிறது. விசாரிக்காமலேயே நம்பக்கூடிய வார்த்தையாக அது இருப்பதுதான் காரணம். இந்த ஆட்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்பே மனசில் எழுதி வைத்திருக்கிறது. தோழர்களே, சாதி உட்கார்ந்திருக்கிற காகிதம் இதுதான். சாதி என்பது வேலையை மட்டும் பிரித்து வைக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாக அடுக்கிவைத்தது என்று பாபாசாகேப் 1936இலேயே வாதிட்டார். கண்டுபிடிக்கும் கையும் அதைப் பதிவு செய்யும் கையும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த அடுக்கின் தொழிற்சாலை வடிவம்.

கதவு எங்கே மூடுகிறது

ஆபரேட்டர் ‘ஒர்க்மேன்’ பட்டியலில் இருப்பவன். க்வாலிட்டி இன்ஜினியர் ‘ஸ்டாஃப்’ பட்டியல். பல தனியார் ஆலைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எழுதிவைத்த விதி கிடையாது. டிப்ளமாக்காரனும் பி.இ.க்காரனும் வெளியிலிருந்து நேராக ஸ்டாஃபாக வருவார்கள். உள்ளிருப்பவன் ஏற வேண்டுமானால் சூப்பர்வைசரும் மேனேஜரும் சிபாரிசு செய்ய வேண்டும். சிபாரிசு என்றால் என்ன என்று நம்ம ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955இல் தொடங்கிய பொதுத்துறை ஆலை. அங்கே கைவினைஞராகச் சேர்ந்தவர் துறைத்தேர்வு எழுதி ஜூனியர் இன்ஜினியர் ஆகலாம். எத்தனை இடம், எந்தத் தேர்வு, ரோஸ்டரில் நம் இடம் எது என்பதெல்லாம் காகிதத்தில் உண்டு. அங்கே சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. விதி எழுதியிருப்பதால் சண்டை போட ஒரு தாள் கையில் இருக்கிறது என்கிறேன். என் வங்கியிலும் அப்படித்தான். 1991க்குப் பிறகு வேலைகள் பெருகியது தனியார் ஆலைகளில். அங்கே இட ஒதுக்கீடும் இல்லை, எழுதிய ஏணியும் இல்லை. விதி எழுதப்படாத இடத்தில் சாதி எழுதிக்கொள்ளும்.

படிப்பு வழியாக ஒரு பாதை உண்டு. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமா முடித்தவன் பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். பாதை இருக்கிறது, ஆனால் ஷிப்டு மாறிமாறி வருகிறவன், காண்ட்ராக்ட் எப்போது முடியும் என்று தெரியாதவன், தங்கை கல்யாணக் கடன் கட்டுகிறவன், வருடக்கணக்கில் சம்பளத்தை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார வேண்டும். ‘படிச்சா மேல வரலாமே’ என்று லேசாகச் சொல்கிறவர்கள் அத்தனை வருடத்துக்கு அரிசி எங்கிருந்து வரும் என்றும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி

பிளான்ட் மேனேஜர் படி வேறு மாதிரி. அங்கே எண்ணை ரூபாயாக மாற்றத் தெரிய வேண்டும். அதே தண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தண்டுக்கு இரும்பும் கூலியுமாக நானூறு ரூபாய் என்று வையுங்கள். ஷிப்டுக்கு முப்பது, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்றால் 750 தண்டு, மூன்று லட்சம் ரூபாய் குப்பைக்குப் போகிறது. கூலன்ட் ஆற்றி வைக்க மூன்று லட்சம் ஆகும் என்றால் ஒரே மாதத்தில் காசு திரும்பிவிடும். இந்த ஒரு வரியைப் போட்டுத் தந்தால் மேலே கையெழுத்து விழும். மைக்ரான் பேசினால் விழாது.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. சனிக்கிழமை மாலை 600 தண்டு பெட்டியில் இருக்கிறது, லாரி நிற்கிறது, வாங்குகிற கம்பெனியின் லைன் காலை ஆறு மணிக்கு இந்தத் தண்டுக்குக் காத்திருக்கிறது. க்வாலிட்டி இன்ஜினியர் வந்து ‘இதில் சந்தேகம் இருக்கு’ என்கிறார். அனுப்புவதா, நிறுத்துவதா? ஆறிய தண்டை அளக்க ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் ஒரு ஆளுக்கு ஐந்து மணி நேரம், இரண்டு ஆள் போட்டால் இரண்டரை. லாரியை இரண்டரை மணி நேரம் நிறுத்தி, வாங்குகிறவனுக்கு இப்போதே போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டு, எண்ணி அனுப்புகிறவர் மேனேஜர். ‘போகட்டும், வந்தா பாத்துக்கலாம்’ என்று அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை புகார் வந்ததும் கவனக்குறைவான ஆபரேட்டரைத் தேடுகிறவரும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறார். இந்தப் படி கேட்பது, கெட்ட செய்தியைக் கேட்கவும், அதை மேலே சொல்லவும், நட்டத்தைத் தன் பெயரில் ஏற்கவும் துணிவு. 1948 தொழிற்சாலைச் சட்டக் காலம் தொட்டே ஆலைக்கு மேனேஜர் என்று ஒருவர் பெயரைப் பதிந்தாக வேண்டும். கை போனாலும் உயிர் போனாலும் சட்டம் முதலில் தேடுகிற பெயர்களில் அது ஒன்று.

இந்த நாற்காலிக்கு வர உற்பத்தி, தரம், பராமரிப்பு என்று மூன்று பக்கமும் வேலை பார்த்துப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் மேலே ஒருவர் ‘இவன் செய்வான்’ என்று சொல்ல வேண்டும். ‘தம்பிக்கு எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்’ என்ற கேள்வி இந்த உயரத்தில் நின்றுபோவதில்லை. ஆங்கிலத்தில் கேட்கப்படும், அவ்வளவுதான்.

நாம் என்ன செய்ய

தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற கோரிக்கையை விடக் கூடாது. ஆனால் அது வாசலுக்கான கோரிக்கை மட்டுமாக இருந்தால் போதாது. ஒர்க்மேனிலிருந்து ஸ்டாஃபுக்குப் போகிற விதியை எழுதி ஒட்டு, தேர்வு வை, எத்தனை இடம் என்று சொல் என்பதைத் தொழிற்சங்கத்தின் அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாக வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். போனசுக்குக் கொடி பிடிக்கிற சங்கம் இதற்கு ஏன் பிடிக்காது என்று சங்கத்துக்குள் இருக்கிற நம்ம தோழர்கள் கேட்கட்டும். ரிப்போர்ட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினால், எந்த அளவுச் சோதனையை வைத்து எழுதினாய் என்று கேட்கும் உரிமையும் அந்தப் பிரிவில் வரட்டும்.

இன்னொன்று, நம் கையில் இருப்பது. எங்கள் படிப்பகத்தில் இந்த ஆவணி முதல் ஞாயிறு இரண்டு மணி நேரம் டிராயிங் படிப்பதும் வரைபடத்தில் புள்ளி வைப்பதும் நடக்கிறது. தம்பிதான் வாத்தியார். மாணவத் தோழர்கள், இன்ஜினியரிங் படிக்கிறவர்கள், வந்து கணக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களிடமிருந்து இன்செர்ட் தேய்கிற சத்தத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கச் சொல்லியிருக்கிறோம். தேதி, ஷிப்டு, மணி, அளந்தது, ஆறின பிறகு அளந்தது, சூப்பர்வைசரிடம் சொன்னது, அவர் சொன்ன பதில். நோட்டைப் பார்த்துக் கம்பெனி உடனே ஸ்டாஃப் ஆக்கிவிடாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்த முறை காரணம் என்ற கட்டத்தில் ஒருவர் பேனா வைக்கும்போது, எதிரில் நிற்பவன் கையிலும் ஒரு காகிதம் இருக்கும்.